லாபத்துக்கு விற்ற பங்கு, கணக்கில் நட்டம்!

ஒரு நிறுவனம் பிப்ரவரியில் ஒரு பங்கை 400 ரூபாய் வீதம் 1,000 பங்குகள் வாங்குகிறது. மே மாதம் 445 ரூபாய்க்கு அத்தனையையும் விற்றுவிடுகிறது. தரகைக் கழிக்காமல் பார்த்தால் 45,000 ரூபாய் லாபம். ஆனால் அந்த நிதியாண்டின் லாப நட்டக் கணக்கு 15,000 ரூபாய் நட்டம் என்கிறது. கணக்காளர் தப்பு எதுவும் செய்யவில்லை. இடையில் மார்ச் 31 வந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 109-இன்படி, சீக்கிரம் விற்று லாபம் பார்க்க வாங்கிய பங்கை, கணக்கு முடிக்கும் நாளின் நியாய மதிப்பில் காட்ட வேண்டும். பட்டியலிடப்பட்ட பங்குக்கு இந்த மதிப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலும் சந்தையின் முடிவு விலைதான் அது. மார்ச் 31 விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வர்த்தக நாளின் விலையை எடுப்பது வழக்கம். 2024-இல் மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, 29 புனித வெள்ளி. ஆகவே 28-ஆம் தேதி விலையே கிடைத்தது. விற்றால் ஆகக்கூடிய தரகை இந்த விலையிலிருந்து கழிக்கக் கூடாது. வாங்கும்போது கொடுத்த தரகும் பங்கின் விலையோடு சேராது. அன்றைக்கே செலவாக எழுதப்பட்டுவிடும்.

நம் பங்கு மார்ச் 31 அன்று 460 ரூபாயில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பங்குக்கு 60 ரூபாய் உயர்வு. குறிப்பேட்டுப் பதிவு இப்படி வரும்:

பங்கு முதலீட்டுக் கணக்கு, பற்று: 60,000
நியாய மதிப்பு ஆதாயக் கணக்கு, வரவு: 60,000

இந்த 60,000 அந்த ஆண்டின் லாபத்தில் சேர்ந்துவிடும். கையில் ஒரு ரூபாய் வரவில்லை, ஆனாலும் லாபம்தான். பேரேட்டில் பங்கின் மதிப்பு 4,00,000-லிருந்து 4,60,000 ஆகிவிட்டது. இனி அந்தப் பங்கின் ஏட்டு மதிப்பு இதுதான். வாங்கிய விலையை ஏடு மறந்துவிட்டது.

மே மாதம் 445 ரூபாய்க்கு விற்கும்போது 4,45,000 வருகிறது. தரகும் வரியும் 1,000 ரூபாய் என்று கொண்டால் வங்கிக்கு வருவது 4,44,000. பதிவு:

வங்கிக் கணக்கு, பற்று: 4,44,000
விற்பனைச் செலவுக் கணக்கு, பற்று: 1,000
பங்கு விற்பனை நட்டக் கணக்கு, பற்று: 15,000
பங்கு முதலீட்டுக் கணக்கு, வரவு: 4,60,000

போன ஆண்டு லாபம் 60,000, இந்த ஆண்டு நட்டம் 15,000. இரண்டையும் சேர்த்தால் அதே 45,000. மொத்த லாபம் மாறவில்லை. விலை எந்த ஆண்டில் ஏறியது, எந்த ஆண்டில் இறங்கியது என்பதற்கேற்ப அது இரண்டு ஆண்டுகளுக்கும் பிரிந்திருக்கிறது.

தவறு பெரும்பாலும் விற்பனைப் பதிவில்தான் நேரும். பழைய ஒப்பந்தச் சீட்டைப் பார்த்து, முதலீட்டுக் கணக்கை 4,00,000-க்கு வரவு வைத்து, 45,000 லாபம் என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டுகளிலும் சேர்ந்து 1,05,000 லாபம் வந்துவிடும். பேரேட்டில் 60,000 ரூபாய் மட்டும் அநாதையாக மிஞ்சி நிற்கும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. டீமாட் அறிக்கையை எடுத்து பேரேட்டோடு ஒப்பிட வேண்டும். டீமாட்டில் அந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை, பேரேட்டில் மட்டும் மதிப்பு இருக்கிறது என்றால், விற்பனைப் பதிவில் பழைய விலை புகுந்துவிட்டது என்றே சந்தேகப்பட வேண்டும். பங்குகளில் பாதியை மட்டும் விற்றாலும் இதே கதைதான்: ஒவ்வொரு பங்குக்கும் 460 வீதம் வரவு வைக்க வேண்டும். காலாண்டுக்கொருமுறை கணக்கு முடிக்கும் நிறுவனம் விற்பனைக்கு முந்தைய காலாண்டின் கடைசி விலையை எடுக்கும்.

ஏடு மறந்த 400 ரூபாயை நிறுவனம் மறக்கக் கூடாது. வருமான வரி ஏறிய விலைக்கு அல்ல, விற்று வந்த லாபத்துக்குத்தான். அதைக் கணக்கிட வாங்கிய விலைதான் வேண்டும். அதனால் ஒவ்வொரு பங்கும் என்று, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதைத் தனிப் பதிவேட்டில் வைத்திருப்பார்கள். மார்ச்சில் காட்டிய 60,000-க்கு வரி பின்னால் வரலாம் என்பதால், ஒத்திவைக்கப்பட்ட வரி என்று ஒரு தொகையையும் அப்போதே ஒதுக்க வேண்டும்.

பங்குதாரர்களும் இந்த 60,000-ஐக் கண்டு டிவிடெண்ட் எதிர்பார்க்க முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 123-ஆம் பிரிவு, விற்காமலேயே நியாய மதிப்பால் வந்த உயர்வை டிவிடெண்டுக்கான லாபத்திலிருந்து விலக்கச் சொல்கிறது. ஒரு நிறுவனத்தின் லாபம் திடீரென்று எகிறியிருந்தால், அதில் எவ்வளவு விற்று வந்தது, எவ்வளவு விலை ஏறியதால் மட்டும் வந்தது என்று ஆண்டறிக்கையின் ‘இதர வருமானம்’ குறிப்பில் தேடிப் பாருங்கள். இரண்டாவது வகை, அடுத்த மார்ச்சுக்குள் நட்டமாகவும் திரும்பலாம்.