பாறு கைவிட்ட நூல்

ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு உணவாகிறது. புல்லை வெட்டுக்கிளி தின்கிறது. வெட்டுக்கிளியைக் காகம் தின்கிறது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் தொடருக்கு உணவுச் சங்கிலி என்று பெயர். ஆனால், புல்லை வெட்டுக்கிளி மட்டுமா தின்கிறது? பசுவும் எருமையும் தின்கின்றன. ஆகவே, ஓரிடத்தில் வாழும் உயிர்களின் சங்கிலிகள் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அப்பின்னலே உணவு வலை ஆகும். ஒரு நூற்கண்டைக் கொண்டு இவ்வலையை வகுப்பறையிலேயே கட்டிப் பார்க்கலாம். வலையிலிருந்து ஓர் உயிர் மறைந்தால் என்ன நிகழும் என்பதையும் அதில் காணலாம்.

இராஜஸ்தான் மாநிலத்தின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. ஒரு காலத்தில் அங்குள்ள மரங்களில் பாறுகள் நூற்றுக்கணக்கில் கூடு கட்டி வாழ்ந்தன. பாறு என்பது இறந்த விலங்குகளை மட்டுமே உண்டு வாழும் பெரிய பறவை. இதனைப் பிணந்தின்னிக் கழுகு என்றும் கூறுவர். இந்தியில் 'கித்' என்பர். பரத்பூரைச் சுற்றியுள்ள வயல்வெளியும் மேய்ச்சல் நிலமும் இவ்விளையாட்டின் களமாக அமைகின்றன.

வலை கட்டும் முறை

பதின்மூன்று மாணவர்கள் வட்டமாக நிற்க வேண்டும். சூரியன், புல், கோதுமை, பசு, எருமை, வெட்டுக்கிளி, எலி, பாம்பு, மயில், காகம், நாய், பாறு, நுண்ணுயிர்கள் என்று எழுதிய அட்டைகளை ஆளுக்கொன்றாக மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். நூறு மீட்டர் நீளமுள்ள தடித்த பருத்தி நூல் போதுமானது. மெல்லிய தையல் நூல் விரலை அறுக்கும். எனவே, அது கூடாது. நூலை விரலில் சுற்றாமல் கைக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நூலின் முனையைச் சூரியன் பிடித்துக்கொண்டு, கண்டினைப் புல்லுக்கு எறிய வேண்டும். புல் தன் பகுதியைப் பிடித்துக்கொண்டு, கண்டினைப் பசுவுக்கு எறிய வேண்டும். எறியும் ஒவ்வொருவரும், "என்னைப் பசு உண்கிறது" என்பதுபோல ஒரு தொடரைச் சொல்ல வேண்டும். நூல் எப்போதும் உணவாகும் உயிரிலிருந்து உண்ணும் உயிருக்கே செல்லும். இத்திசையைப் பலர் மாற்றிக்கொள்வதுண்டு. "என்னை" என்று தொடங்கிச் சொன்னால் அப்பிழை நேராது.

பாறையோ மயிலையோ உண்ண இவ்வட்டத்தில் விலங்கு எதுவும் இல்லை. அங்கே கண்டு நின்றுவிடுமோ? நிற்காது. எந்த உயிரும் ஒருநாள் இறக்கும். இறந்த உடலை நுண்ணுயிர்கள் சிதைத்து மண்ணில் சேர்க்கும். மண்ணிலிருந்து அச்சத்துகளைப் புல்லும் கோதுமையும் எடுத்துக்கொள்ளும். எனவே, கண்டு நுண்ணுயிர்களிடம் சென்று, மீண்டும் செடிகளுக்குத் திரும்பும். நுண்ணுயிர்கள் மட்டும், "நான் சேர்த்த சத்தைப் புல் எடுக்கிறது" என்று சொல்லி எறிய வேண்டும்.

கண்டு செல்ல வேண்டிய வழி:

முதல் சுற்று: சூரியன் – புல் – பசு – பாறு – நுண்ணுயிர்கள்
இரண்டாம் சுற்று: நுண்ணுயிர்கள் – கோதுமை – எலி – பாம்பு – மயில் – நுண்ணுயிர்கள்
மூன்றாம் சுற்று: நுண்ணுயிர்கள் – புல் – எருமை – பாறு – நுண்ணுயிர்கள்
நான்காம் சுற்று: நுண்ணுயிர்கள் – புல் – வெட்டுக்கிளி – காகம் – நுண்ணுயிர்கள்
ஐந்தாம் சுற்று: நுண்ணுயிர்கள் – புல் – பசு – நாய் – நுண்ணுயிர்கள்
ஆறாம் சுற்று: நுண்ணுயிர்கள் – புல் – எருமை – காகம்

இருபத்துநான்கு எறிதல்களில் வலை முழுமை பெறும். அனைவரும் ஓரடி பின்னால் நகர்ந்து நூலை இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இழுப்பு எங்கே செல்கிறது?

இப்போது பாறு தன் நூல்களை மெல்ல இழுக்க வேண்டும். பசு, எருமை, நுண்ணுயிர்கள் ஆகிய மூவர் மட்டுமே அதை முதலில் உணர்வர். அவர்கள் தம் நூல்களை இழுத்தால் புல், கோதுமை, மயில், காகம், நாய் ஆகிய ஐவர் உணர்வர். அந்த ஐவரும் இழுத்தால் எஞ்சிய சூரியன், வெட்டுக்கிளி, எலி, பாம்பு ஆகிய நால்வரையும் இழுப்பு சென்றடையும். மூன்றே படிகளில் வட்டம் முழுவதும் அசைந்துவிடுகிறது.

அடுத்து, பாறு தன் கையிலுள்ள நூல்களை விட்டுவிட்டு வட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். விடுபட்ட நூல் தொய்ந்து தரையில் கிடக்கும். அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்று பார்த்தால், பசுவிடமிருந்தும் எருமையிடமிருந்தும் நேராக நுண்ணுயிர்களிடம் செல்வது தெரியும். இறந்த மாட்டை உண்பதற்குப் பாறு இல்லை. அது கிடந்து அழுகுகிறது என்பதே அத்தொய்வின் பொருள்.

சிலர் இவ்விளையாட்டை வேறுவிதமாக முடிப்பர். நூல் அசைவதை உணர்ந்தவர் எல்லாரும் 'இறந்துவிட்டதாக' உட்கார்ந்துவிடுவர். அது சரியன்று. பாறு மறைந்தால் பசு ஏன் இறக்க வேண்டும்? பாறு உயிருள்ள பசுவைக் கொல்வதில்லையே! சூரியனும் நூலின் அசைவை உணர்ந்தது. ஆனால், பாறு இல்லை என்பதால் சூரியன் மங்கப் போவதில்லை. தொடர்பு உண்டு என்பதை மட்டுமே நூல் காட்டும். அத்தொடர்பால் ஓர் உயிர் பெருகுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா என்பதை ஒவ்வொரு நூலாக எண்ணிப் பார்த்தே அறிய வேண்டும்.

நாயை எடுத்துக்கொள்வோம். நாய்க்கும் பாறுக்கும் இடையே நேரான நூல் இல்லை. ஆனால், இரண்டின் நூலும் பசுவிடம் சேர்கின்றன. இறந்த பசு ஒன்றே. அதனை உண்ண வருவோர் இருவர். ஒருவர் விலகினால் மற்றவருக்கு உணவு மிகும். ஆகவே, நாய் பெருகும். காகத்துக்கும் எருமையின் வழியாக உணவு மிகும். ஓர் உயிர் மறையும்போது வேறோர் உயிர் பெருகுவதும் உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

உண்மையில் நடந்தது

இது வெறும் கற்பனை அன்று. 1990களில் பரத்பூரில் பாறுகள் தலை தொங்கிய நிலையில் கிளைகளில் அமர்ந்திருப்பதையும், பின்னர் இறந்து விழுவதையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ் கவனித்தார். இந்தியா முழுவதும் இதே நிலை காணப்பட்டது. 1992ஆம் ஆண்டில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்தன என்று கொண்டால், 2007ஆம் ஆண்டில் எஞ்சியது ஒன்றே எனும் அளவுக்கு அவை அழிந்தன.

காரணம் 2004ஆம் ஆண்டில் வெளியானது. மாடுகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்க டைக்ளோஃபினாக் என்னும் மருந்து ஊசி போடப்பட்டு வந்தது. மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்துவிட்டால், அதன் இறைச்சியில் மருந்து தங்கியிருக்கும். அதை உண்ட பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். சில நாள்களில் பறவை மடிந்துவிடும். அதாவது, உணவு சென்ற அதே நூலின் வழியாகவே நஞ்சும் சென்றது.

எல்லா மாடுகளுக்குமா மருந்து கொடுத்தார்கள்? இல்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பாறுகள் கூட்டமாகக் கூடி ஒரே சடலத்தை உண்பவை. ஆகவே, நஞ்சுள்ள ஒரு சடலம் பல பறவைகளைக் கொல்லும். மேலும், ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். இறந்தவற்றின் இடத்தை நிரப்பும் அளவுக்குக் குஞ்சுகள் விரைவாகப் பெருகவில்லை.

பாறுகளின் பெருங்கூட்டம் ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும். அவற்றின் இரைப்பையிலுள்ள கடுமையான அமிலம் பல நோய்க்கிருமிகளையும் அழித்துவிடும். அவை மறைந்தபின், ஊர்ப்புறத்தில் எறியப்பட்ட சடலங்கள் அழுகிக் கிடந்தன. நாய்கள் அங்கே கூடிப் பெருகின. நாய்களால் பாறுகளைப் போல விரைவாக உண்ண இயலாது. அவை மனிதரைக் கடித்து, வெறிநாய்க்கடி நோயையும் பரப்பக்கூடும். இந்தத் தீங்கை விளையாட்டின் நூல் காட்டாது; ஏனெனில், நாய் கடிப்பது உண்பதற்காக அன்று. உணவுத் தொடர்பை மட்டுமே காட்டுவது இவ்விளையாட்டின் எல்லை ஆகும்.

2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்திய அரசு தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் மருந்து அதற்கு மாற்றாகக் கிடைத்தது. அரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்விக்கும் மையம் உள்ளது. தமிழ்நாட்டில் நீலகிரி மலையடிவாரத்திலுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன.

வெளியேறிய பாறு மீண்டும் வட்டத்துக்குள் வந்து, தரையில் கிடக்கும் நூலை எடுத்து இறுக்கிப் பிடிக்க ஒரு நொடி போதும். உண்மையான பாறு முட்டையிடும் பருவத்தை அடையவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும்.

சொற்பொருள்

நூற்கண்டு – நூல் உருண்டை
தொய்தல் – இறுக்கம் குறைந்து தளர்தல்
சடலம் – இறந்த உடல்
நுண்ணுயிர் – கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்
இணை – ஆணும் பெண்ணும் சேர்ந்த சோடி

பயிற்சி

1. பாறு நூலை இழுத்ததும் அதை முதலில் உணர்ந்தவர் யாவர்?
2. பாறுக்கும் நாய்க்கும் நேரான நூல் இல்லாதபோதும், பாறு மறைந்ததால் நாய் பெருகியது ஏன்?
3. மிகச் சில சடலங்களில் மட்டுமே மருந்து இருந்தும் பாறுகள் பெருமளவில் அழிந்ததற்கு இரண்டு காரணங்கள் எழுதுக.
4. பாம்பு வட்டத்தை விட்டு வெளியேறினால் எலி, மயில், கோதுமை ஆகியவை கூடுமா, குறையுமா? காரணத்துடன் எழுதுக.
5. நீங்கள் வாழும் ஊரில் காணும் பத்து உயிர்களின் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எழுதி, அவற்றுக்கு உணவு வலை வரைக.