பிள்ளை விமானம் ஓட்டப் பழகுகிறதா? 'ஸ்பின்' பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

"தம்பி, ஒரு விசயம் கேக்கலாமோ?"

போன மாதம் பறப்புப் பள்ளியின் கார் தரிப்பிடத்தில் ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டார். அவருடைய 17 வயது மகன் என்னிடம்தான் விமானம் ஓட்டப் பழகுகிறான். "அடுத்த கிழமை பிளேனை வேணுமெண்டே சுழல விட்டு விழுத்துவீங்களாம். உண்மையோ?"

"உண்மைதான் அக்கா," என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இந்தப் பக்கம் வரலாம்.

கனடாவில் தனியார் விமானி உரிமத்துக்குப் பழகும் பிள்ளைக்கு ஸ்பின் காட்டப்படும். அமெரிக்காவில் 1949-இல் அந்த உரிமத்துக்கான கட்டாயப் பாடத்திலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். அங்கே பயிற்றுநராக வர விரும்புகிறவர்தான் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

முதலில் 'ஸ்டால்' என்ற சொல். கார் ஸ்டால் ஆவதுபோல எஞ்சின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. காற்று இறக்கையை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதுதான் விசயம். அந்தக் கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகும். தூக்கும் விசை குறையும், இழுவை கூடும். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும்.

இரண்டு இறக்கையும் ஒரே அளவில் ஸ்டால் ஆனால் மூக்கு கீழே சாயும், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால், ஒரு இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகி விழும். விழும் இறக்கையைக் காற்று இன்னும் கீழிருந்து சந்திக்கிறது. அதனால் அதன் கோணம் மேலும் கூடி, தூக்கும் விசை மேலும் குறைகிறது. மேலே எழும் இறக்கைக்கு இது நேர்மாறு. இப்படி அந்தச் சுழற்சி தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும். இதுதான் ஸ்பின்.

வகுப்பில் நாங்கள் செய்வது இதுதான். செஸ்னா 172 விமானத்தின் பின் இருக்கைகளில் ஆளும் இருக்காது, பொதியும் இருக்காது. தரையிலிருந்து 6,000 அடிக்கு ஏறுவோம். பவரைக் குறைத்து, கைப்பிடியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து வேகத்தை விழ விடுவோம். ஸ்டால் எச்சரிக்கை ஒலி கத்தும். ஸ்டால் ஆகும் தருணத்தில் இடது கால் மிதியை முழுதாக அழுத்தி, கைப்பிடியை முழுதாகப் பின்னுக்குப் பிடிப்போம். இடது இறக்கை விழும், மூக்கு கீழே போகும், கண்ணாடி முழுக்க வயல் சுற்றும்.

மீள்வதற்கு நாலு அசைவு. அவை இந்த ஒழுங்கில்தான் வரவேண்டும்.

முதலில் பவரை முழுதாகக் குறைக்கவேண்டும். எஞ்சின் பலம் இந்த விமானங்களில் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். அப்போது ஸ்பின் தட்டையாகி, மீள்வது கடினமாகிறது.

இரண்டாவது, கைப்பிடியைப் பக்கவாட்டில் நடுவில் வைக்கவேண்டும். மனித இயல்பு இதற்கு எதிர். இடது இறக்கை விழுந்தால் கை தானாக வலப்பக்கம் திருப்பும். அப்படித் திருப்பினால் விழுந்த இறக்கையின் நுனியில் உள்ள எயிலரன் கீழே இறங்கி, ஏற்கெனவே கூடிப்போன கோணத்தை இன்னும் கூட்டும். தூக்க நினைத்த இறக்கை இன்னும் ஆழமாக விழும்.

மூன்றாவது, சுழலும் திசைக்கு எதிரான கால் மிதியை முழுதாக அழுத்தவேண்டும். அது வாலில் உள்ள ரடரை, அதாவது சுக்கானைத் திருப்பும். ஸ்பின்னை ஓட்டுவதே அந்தப் பக்கத் திருப்பம்தான். ரடர் அதை நேரடியாக எதிர்க்கிறது. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளிக்கு மேலே, வில்ஃப்ரட் பார்க் என்ற கடற்படை அதிகாரியின் ஆவ்ரோ விமானம் இப்படிச் சுழன்று விழுந்தது. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார், பலனில்லை. கடைசி முயற்சியாக ரடரை எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பினார். தரைக்குச் சுமார் 50 அடி மேலே விமானம் நிமிர்ந்தது.

நாலாவது, ரடர் முழுதாகப் போனவுடன் கைப்பிடியைச் சட்டென்று முன்னுக்குத் தள்ளவேண்டும். இது கோணத்தைக் குறைத்து ஸ்டாலை உடைக்கிறது. பூமி கண்ணாடியை நிறைக்கும்போது முன்னுக்குத் தள்ள யாருக்கும் மனம் வராது. அதனால்தான் பழகவேண்டியிருக்கிறது.

"முதல்லயே முன்னுக்குத் தள்ளினால் என்ன?" என்று அந்த அம்மாவும் கேட்டார். நல்ல கேள்வி. பனிச்சறுக்கில் சுழலும் பெண் கைகளை உடம்போடு சேர்த்தால் வேகமாகச் சுற்றுவாள் அல்லவா? ரடருக்கு முன்னரே மூக்கைத் தாழ்த்தினால் விமானத்தின் எடையும் சுழலும் அச்சுக்குக் கிட்ட வரும். சுழற்சி இன்னும் வேகமாகலாம். அதனால் முதலில் ரடர், உடனே எலிவேட்டர்.

சுழற்சி நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் மற்றப் பக்கம் ஸ்பின் தொடங்கலாம். பிறகு மெதுவாக மேலே இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் மறுபடி ஸ்டால்.

இன்னொன்று. செஸ்னா 172 சில சுற்றுகளில் தானாகவே ஸ்பின்னை விட்டு, சுருண்டு பாயும் நிலைக்குப் போய்விடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வேகமானியைப் பார்த்தால் தெரியும். ஸ்பின்னில் வேகம் குறைவாக, ஓரளவு ஒரே அளவில் நிற்கும். சுருள் பாய்ச்சலில் ஏறிக்கொண்டே போகும். அப்படியானால் இறக்கை ஸ்டால் ஆகவில்லை. பவரைக் குறைத்து, இறக்கையைச் சமன்செய்து, மெல்ல இழுக்கவேண்டும்.

இப்போது உண்மையான ஆபத்துக்கு வருவோம். ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் மீள்வதற்கும் சுமார் 1,000 அடி வேண்டும். 6,000 அடியில் இது பாடம். 500 அடியில்?

ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசி இடது திருப்பத்தில் விமானம் ஏறக்குறைய 500 அடியில் இருக்கும். பின்னிருந்து காற்று தள்ளுகிறது, ஓடுபாதையின் நேர்க்கோடு கடந்துபோகிறது. தரைக்குக் கிட்ட நிறையச் சாய்க்கப் பிள்ளைக்குப் பயம். அதனால் மூக்கை இழுத்துவர இடது மிதியை அழுத்துகிறது. வெளி இறக்கை வேகம் கூடி எழும்புகிறது, சாய்வு கூடுகிறது. அதைத் தடுக்கக் கைப்பிடி வலப்பக்கம் போகிறது. மூக்கு தாழ்கிறது, கை பின்னுக்கு இழுக்கிறது. பாருங்கள், 6,000 அடியில் நாங்கள் வேண்டுமென்றே செய்த அதே இழுப்பு, அதே மிதி. இடது இறக்கை விழுந்தால், நாலு அசைவும் சரியாகத் தெரிந்தாலும் உயரம் போதாது.

ஆகவே மேலே ஸ்பின் காட்டுவது, கீழே அது தொடங்கும் உணர்வைப் பிள்ளை முன்கூட்டியே அடையாளம் காண்பதற்குத்தான்.

"அப்ப நான் வீட்டில என்னத்தக் கேக்கிறது?" என்றார் அந்த அம்மா.

"கடைசித் திருப்பம் பிழைச்சுப்போனால் என்ன செய்வாய் எண்டு கேளுங்கோ அக்கா."

அடுத்த ஞாயிறு அவரிடமிருந்து செய்தி வந்தது. மகன் சாப்பாட்டு மேசையில் சொன்னானாம்: "மிதியால இழுக்க மாட்டன் அம்மா. பவரக் குடுத்து மேல போய், இன்னொருக்கா சுத்தி வருவன்."