'இல்லை' என்பது எந்தக் காலம்?

கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் வாடிக்கையாளர் பெரும்பாலும் மூன்று இடங்களைக் கவனமாகப் பார்க்கிறார்: கடன் தொகை, வட்டி விகிதம், மாதத் தவணை. அதே ஒப்பந்தத்தில் 'ரெப்ரசென்டேஷன்ஸ் அண்ட் வாரண்டீஸ்' என்ற தலைப்பில் ஒன்றிரண்டு பக்கங்கள் இருக்கும். கடன் பெறுபவர் தம்மைப் பற்றியும் தம் சொத்தைப் பற்றியும் வங்கிக்கு உறுதிபடச் சொல்லும் செய்திகள் அங்கே இடம்பெறும். தமிழில் அவற்றை உறுதிக்கூற்றுகள் எனலாம். வழக்கு இல்லை, வரி பாக்கி இல்லை, வேறு கடனில் தவணை தவறவில்லை என்று அவை நீண்டு செல்லும். இவ்வாக்கியங்களின் பொருளைக் காட்டிலும் அவற்றின் வினைச்சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது என்பதே பிற்காலத்தில் பெரும் வேறுபாட்டை விளைவிக்கிறது.

ஆங்கில மூலத்தில் மூன்று வடிவங்கள் மாறி மாறி வரும். 'இஸ்' என்பது கையொப்பமிடும் நாளின் நிலையைச் சொல்கிறது. 'ஹாஸ் பீன்' என்பது கடந்த காலம் முழுவதையும் அந்நாள் வரை இழுத்து வருகிறது. 'வில் பி' என்பது இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. தமிழில் படித்துக் காட்டும்போது முதலிரண்டுக்கும் இடையிலான வேறுபாடு எளிதில் கரைந்துபோகிறது. 'இல்லை' என்பது குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. 'தவணை தவறவில்லை' என்றால் இப்போது தவணை நிலுவையில் இல்லை என்றும் கொள்ளலாம். என்றைக்குமே தவறியதில்லை என்றும் கொள்ளலாம். கேட்பவர் முதற்பொருளில் ஏற்றுக்கொண்டு, இரண்டாம் பொருளில் எழுதப்பட்ட வாக்கியத்தின் கீழ்க் கையொப்பமிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். அட்டைப் பெட்டி தயாரிக்கும் சிறு தொழிலகம் ஒன்று புதிய இயந்திரங்களுக்காக ரூ. 60 இலட்சம் காலக் கடன் பெறுகிறது என வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஜூன் 5 அன்று கையொப்பமாகிறது. இயந்திரங்கள் வந்து சேரச் சேர ரூ. 20 இலட்சம் வீதம் மூன்று முறை பணம் விடுவிக்கப்படும். தொழிலகத்தின் உரிமையாளர் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகனக் கடனில் இரண்டு தவணைகளைத் தாமதமாகச் செலுத்தியிருந்தார். பின்னர் அக்கடனை முழுமையாகத் தீர்த்துவிட்டார்.

'கடன் பெறுபவர் எந்தக் கடன் ஒப்பந்தத்திலும் தவறிய நிலையில் இல்லை' என்று 'இஸ்' வடிவில் எழுதப்பட்டிருந்தால் அவர் கூற்று முற்றிலும் உண்மை. 'எந்தக் கடனிலும் தவறியதே இல்லை' என்று 'ஹாஸ் நாட் பீன்' வடிவில் இருந்தால் அது கையொப்பமிட்ட கணத்திலேயே பொய்யாகிவிடுகிறது. தீர்த்த கடனாயினும் தாமதம் தாமதமே. 'ஹாஸ் பீன்' வடிவத்துக்குத் தொடக்க நாள் கிடையாது என்பதே அதன் இடர். 'கடந்த மூன்று ஆண்டுகளில்' என்று ஓர் எல்லை இட்டாலே போதும். வங்கிக்கு வேண்டிய தகவலும் கிடைக்கும், பழைய தாமதமும் வெளியே நின்றுவிடும். அல்லது அந்தத் தாமதத்தைப் பெயர் சொல்லி விலக்கி, 'இணைப்பில் குறிப்பிட்டது நீங்கலாக' என்று எழுதலாம்.

வில்லங்கச் சான்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. அச்சான்று ஒரு நாளில் தொடங்கி மற்றொரு நாளில் முடியும் காலப்பகுதிக்கே பேசுகிறது. அதன் முடிவு நாளுக்குப் பின் பதிவானது எதையும் அது காட்டாது. எனவே அச்சான்றை மட்டும் நம்பி 'இன்று வில்லங்கம் இல்லை' என்று எழுதித் தருபவர், கையிலுள்ள ஆதாரம் எட்டாத நாளுக்கும் சேர்த்து உறுதி கூறுகிறார்.

மீண்டும் தொழிலகத்துக்கு வருவோம். செப்டம்பரில் ஒரு காகித வணிகர், பாக்கித் தொகை கேட்டு அத்தொழிலகத்தின் மீது வழக்குத் தொடுக்கிறார். மூன்றாவது விடுவிப்பு அக்டோபரில். ஜூனில் சொன்ன 'வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை' என்ற கூற்று அன்று உண்மையே. ஆயினும் இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் மற்றொரு சிறு வாக்கியம் உண்டு: ஒவ்வொரு விடுவிப்பின்போதும், அந்நாளில் உள்ள நிலவரத்தைக் கொண்டு, உறுதிக்கூற்றுகள் அனைத்தும் மீண்டும் சொல்லப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே அக்டோபரில் உரிமையாளர் வாய் திறவாமலே, வழக்கு இல்லை என்று மறுபடியும் சொல்லிவிட்டவராகிறார். இம்முறை அது உண்மையன்று.

இங்கே காலம் எதிர்த்திசையிலும் விளையாடக்கூடும். வரைவு எழுதியவர் தெளிவுக்காக 'இந்த ஒப்பந்த நாளன்று' என்ற சொற்களை வாக்கியத்தின் தலையில் சேர்த்துவிட்டார் என்று கொள்வோம். அப்போது அக்டோபரில் மீண்டும் சொல்லப்படுவதும் 'ஜூன் 5 அன்று வழக்கு இல்லை' என்பதே. அது என்றென்றும் உண்மை. மறுகூறல் வாக்கியம் அங்கே வேலையற்றுப் போகிறது; வங்கி தான் பெற்றிருப்பதாக எண்ணிய பாதுகாப்பு காகிதத்தில் மட்டுமே எஞ்சுகிறது. பழைய ஒப்பந்தம் ஒன்றிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் புதியதில் ஒட்டும்போதே இத்தகைய இடப்பிசகுகள் மிகுதியாக நேர்கின்றன. அடுத்தடுத்த இரு வாக்கியங்களில் ஒன்று 'ஒப்பந்த நாளன்று' என்றும் மற்றொன்று வெறும் 'இல்லை' என்றும் இருந்தால், படிப்பவர் அவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் தேடுவார். எழுதியவருக்கோ அப்படியொரு காரணமே இருந்திராது.

எல்லாவற்றிலும் சிக்கலானது 'வில் பி'. நம் உரிமையாளரின் ஒப்பந்தத்தில், உறுதிக்கூற்றுகளின் பட்டியலுக்குள் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: 'இயந்திரங்களும் சரக்கிருப்பும் காப்பீடு செய்யப்பட்டுள்ளன, இனியும் செய்யப்பட்டிருக்கும்.' வரைவாளர் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணிப் பின்பகுதியைச் சேர்த்திருப்பார். நவம்பர் 14 அன்று காப்பீடு முடிவடைகிறது. உரிமையாளர் மறந்துவிட்டு நவம்பர் 25 அன்று புதுப்பிக்கிறார். இடையில் தீயோ திருட்டோ எதுவும் நிகழவில்லை.

அதே ஒப்பந்தத்தில் கடன் பெறுபவர் இனிச் செய்ய வேண்டியவை 'கவனன்ட்ஸ்', அதாவது கடப்பாடுகள், என்ற தனிப்பகுதியில் உள்ளன. கடப்பாட்டில் தவறினால் 30 நாள்களுக்குள் சரிசெய்துகொள்ளலாம். உறுதிக்கூற்று 'சொல்லப்பட்டபோது தவறாக இருந்தது' எனத் தெரியவந்தால் அத்தகைய அவகாசம் இல்லை. கடன் முழுவதையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்குப் பிறக்கிறது. காப்பீட்டு வாக்கியம் கடப்பாடுகளின் பகுதியில் இருந்திருந்தால், பதினொரு நாள் இடைவெளி அவகாசத்துக்குள் அடங்கி, செய்தி அத்துடன் முடிந்திருக்கும். உறுதிக்கூற்றுகளின் பகுதியில் இருப்பதால் இரு வாதங்கள் எழுகின்றன. ஜூனில் சொன்னது பொய்த்துவிட்டது, எனவே அவகாசம் இல்லை என்று ஒரு தரப்பு சொல்லலாம். நவம்பரில் நிகழப்போவது பற்றிய கூற்று ஜூனில் மெய்யுமன்று பொய்யுமன்று, எனவே 'சொல்லப்பட்டபோது தவறு' என்ற சொற்றொடர் அதைத் தொடவே இல்லை என்று மறுதரப்பு சொல்லலாம். இரண்டிலும் வலு உண்டு. நாற்பது எழுத்துக்கு உட்பட்ட ஒரு பின்சேர்க்கை இரு தரப்பையும் வழக்கறிஞரிடம் கொண்டு சேர்க்கிறது.

சட்டமும் இவ்வேறுபாட்டை மதிக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, உண்மையல்லாத ஒன்றை உண்மையெனத் திட்டமாகச் சொல்வதைப் பற்றிப் பேசுகிறது. அப்படிச் சொல்ல அவருக்குப் போதிய ஆதாரம் இராதபோது, அவர் அதை நம்பியே சொல்லியிருந்தாலும் அது தவறான கூற்றே. சொல்லும் நேரத்தில் உண்மையா என்பதே அங்கு அளவுகோல். எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதி 17ஆம் பிரிவில் வேறொரு வாயில் வழியே நுழைகிறது: நிறைவேற்றும் எண்ணமே இன்றி வாக்குறுதி தருவது மோசடி. அங்கும் சோதிக்கப்படுவது வாக்களித்த நாளின் மனநிலையே. இங்கிலாந்தில் 1885இல் தீர்க்கப்பட்ட எட்ஜிங்டன் எதிர் ஃபிட்ஸ்மாரிஸ் வழக்கும் இதையே நிலைநாட்டியது. திரட்டும் பணத்தை விரிவாக்கப் பணிகளுக்குப் பயன்படுத்தப் போவதாக இயக்குநர்கள் அறிவித்தனர். உண்மையில் நெருக்கும் கடன்களை அடைப்பதே அவர்கள் நோக்கம். எதிர்காலம் போல் ஒலித்த அக்கூற்று, அன்றைய நோக்கத்தைப் பற்றிய பொய் என்று நீதிமன்றம் கொண்டது.

சொத்தை அடமானம் வைப்பவர் தருவதாகச் சட்டமே கருதும் உறுதிகளிலும் இப்பிரிவினை தெளிவு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், அவருக்குச் சொத்தில் உரிமை உள்ளது, அதை மாற்றித் தரும் அதிகாரம் உள்ளது என்பவை நிகழ்காலத்தில் நிற்கின்றன. உரிமையைக் காத்து வாதாடுவார், பொது வரிகளைச் செலுத்துவார் என்பவை எதிர்காலத்தில், தனித்தனி உட்பிரிவுகளாக. நம் பத்திர எழுத்தர்களும் இந்நுட்பத்தை அறிந்தே எழுதி வந்திருக்கிறார்கள் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். 'மேற்படி சொத்தில் வில்லங்கம் ஏதுமில்லை' என்று ஒரு வாக்கியம் முடியும். 'பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால் என் சொந்தச் செலவில் நானே தீர்த்துக் கொடுப்பேன்' என்று அடுத்தது தொடங்கும். முன்னது கூற்று, பின்னது வாக்குறுதி. அச்சிட்ட படிவங்கள் பலவற்றில் இல்லாத ஒழுங்கு இது.

வழக்கு விவகாரத்தில் அட்டைப் பெட்டித் தொழிலகத்தின் உரிமையாளர் செய்யக்கூடியது எளிது. மூன்றாவது விடுவிப்பைக் கோரும் கடிதத்திலேயே, இன்ன நீதிமன்றத்தில் இன்ன எண்ணுள்ள வழக்கு இன்ன தொகைக்குத் தொடரப்பட்டுள்ளது எனத் தெரிவித்து, அதை அறிந்தே பணம் விடுவிக்கப்படுகிறது என்ற வங்கியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறலாம். கிளை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது. விடுவிப்புக்குப் பின் தரும் கடிதமும், அதற்கு முந்தைய நாளில் சொல்லப்பட்டதாகக் கருதப்படும் கூற்றைத் திருத்தாது.

ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கத்தில் வழக்கமாக மற்றொரு வாக்கியமும் உண்டு: 'இதிலுள்ளவை அனைத்தும் எனக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கப்பட்டன, நான் புரிந்துகொண்டேன்.' அதற்குக் கீழே கையொப்பமிடுமுன், ஒவ்வொரு 'இல்லை'யின்போதும் படித்துக் காட்டுபவரிடம், இது இன்றைய நாளுக்கா, இதுவரை எந்நாளிலும் இல்லை என்பதா, அடுத்த விடுவிப்பு நாளுக்கும் சேர்த்தா என்று கேட்கலாம். அவர் ஆங்கில மூலத்தைப் பார்த்தே விடை சொல்ல வேண்டியிருக்கும்.