ஊருக்கெல்லாம் சமைக்கிறாள், அவள் சாப்பிடுகிறாளா?

டயட் தொடங்கிச் சில மாதமான கல்லூரிப் பெண் திடீரென்று அடுப்படியே கதியென்று கிடக்கிறாள். ராத்திரி வெகுநேரம் பிரியாணி வீடியோ பார்க்கிறாள். கேக் செய்து தம்பிக்கு ஊட்டாத குறையாகக் கொடுக்கிறாள். "சாப்பாட்டு மேல ஆசை வந்துடுச்சு, இனி கவலையில்லை" என்று அம்மாவுக்கு நிம்மதி. கவலைப்பட வேண்டிய இடமே அதுதான்.

1945-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். இளைக்க வேண்டும் என்று வந்தவர்கள் அல்லர் அவர்கள். ஆனாலும் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், கொஞ்சம் சாப்பாட்டை வெகுநேரம் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். பட்டினியே மனத்தை அப்படி மாற்றிவிடுகிறது. ஆகவே நம் வீட்டுப் பெண்ணிடம் தெரிவதைப் பிடிவாதம் என்று மட்டும் நினைத்துத் திட்டுவதில் பயனில்லை.

சாதாரண டயட்டில் இருப்பவர் கல்யாண விருந்தில் பாயசம் குடித்துவிட்டு மறுநாள் பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். நோய் பிடித்தவருக்கு அந்தப் பாயசம் பெரும் பீதி. கல்யாணத்துக்கே வரமாட்டார், வந்தாலும் "இப்பதான் சாப்பிட்டேன்", "வயிறு உப்பலா இருக்கு", "இன்னைக்கு விரதம்" என்பார். விரதம் வாரத்துக்கு வாரம் கூடும். நினைத்த எடை வந்த பிறகும் நிறுத்தமாட்டார். இலக்கு இன்னும் கீழே போகும்.

உடம்பும் காட்டிக்கொடுக்கும். மாதவிலக்கு தள்ளிப்போகும், முடி கொட்டும், எழுந்தால் தலை சுற்றும், மே மாதத்திலும் போர்வை தேடுவார். எடை குறையாமலும் இந்த நோய் இருக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, கன்னத்தின் அடிப்பக்கம் வீங்குவது, பற்கள் அரிப்பது எல்லாம் வாந்தி எடுப்பதன் தடயங்கள். அப்படி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். பையன்களுக்கும் வரும், அங்கே அது ஜிம் வெறி போலத் தெரியும்.

"எலும்பும் தோலுமா ஆயிட்டே" என்றால் உள்ளுக்குள் அது பாராட்டாகவே விழும். "நல்லா பூசினாப்ல ஆயிட்டே" என்றால் மறுவேளைச் சாப்பாடு போச்சு. உருவத்தை விட்டுவிட்டு, பார்த்ததைச் சொல்லுங்கள்: "நீ எங்களோட உக்காந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சும்மா. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்ட சேர்ந்து போவோம்." சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டாம்.

பொது மருத்துவரிடம் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் உப்புச் சத்துகள் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றே மருத்துவமனைதான். ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்குப் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள்; உடம்பின் உப்புச் சத்துகள் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.