நான்கு மாத நெருக்கடிக்கு ஒரு குடோன்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தரக் கம்பெனிகளின் குடோனைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசியில் போக வேண்டும். கோடைக்கு முன்னால் விவசாயிகள் மோட்டார் மாற்றுவார்கள், வீடுகளில் போர்வெல் தண்ணீர் கீழே போகும், டீலர்கள் ஆர்டரைக் குவிப்பார்கள். அதற்காகப் பொங்கலுக்கு முன்பிருந்தே உற்பத்தி ஓடும். ரேக்கில் இடம் தீர்ந்ததும் பேலட்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற பாதையிலேயே வந்து உட்காரும். பின்னால் இருக்கும் ஒரு பேலட்டை எடுக்க முன்னால் இருக்கும் நான்கை நகர்த்த வேண்டும். அந்த வாரத்தில்தான் முதலாளிக்கு அந்த யோசனை வரும்: பின்பக்கக் காலி இடத்தில் இன்னொரு ஷெட் போட்டுவிடலாமா, இல்லை வெளியே ஒரு குடோனை வாடகைக்கு எடுக்கலாமா?

பெரும்பாலும் இந்தக் கேள்விக்குத் தவறான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தேடுகிறார்கள். எது தவறான எண், எது சரியான எண் என்பதை ஒரு கணக்கு வழியாகப் பார்க்கலாம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கின் வழி மாறாது.

நம் கம்பெனியின் குடோனில் 600 பேலட் இடங்கள் உண்டு. ஒரு பேலட் 1,200 மில்லிமீட்டருக்கு 1,000 மில்லிமீட்டர். அதில் அட்டைப்பெட்டியில் அடைத்த 30 மோனோபிளாக் பம்புகள், எடை சுமார் 600 கிலோ. 600 இடம் இருந்தால் 600 பேலட் வைக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். குடோன் ஏறத்தாழ 85 சதவீதம் நிரம்பியதும் வேலை மந்தமாகத் தொடங்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் அளவு. காலி இடங்கள் சிதறிக் கிடக்கும்; வருகிற சரக்குக்கு ஏற்ற இடம் இருக்காது; கிடைத்த இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு தேடுவார்கள். ஆகவே இந்தக் குடோனின் உண்மையான கொள்ளளவு 510.

வருஷத்தின் மற்ற மாதங்களில் சரக்கு 450 முதல் 500 பேலட் வரை இருக்கிறது. ஜனவரியில் 650, பிப்ரவரியில் 750, மார்ச்சில் 800, ஏப்ரலில் 700. 510-ஐக் கழித்தால் மீறி வழிவது முறையே 140, 240, 290, 190. கூட்டினால் 860. ஒரு பேலட் ஒரு மாதம் தங்குவதை ஒரு ‘பேலட்-மாதம்’ என்று வைத்துக்கொண்டால், இந்தக் கம்பெனிக்கு வருஷத்துக்கு 860 பேலட்-மாதம் இடம் தேவை. முழுக் கணக்கும் இந்த ஒரு எண்ணில் நிற்கிறது.

முதலில் சொந்த ஷெட். மார்ச் மாதத்தின் 290 பேலட்டை 85 சதவீதத்துக்குள் வைக்க 350 இடம் வேண்டும். நான்கு அடுக்கு ரேக், நடுவே ரீச் டிரக் ஓட மூன்று மீட்டர் பாதை, ஏற்றி இறக்க முன்னால் கொஞ்சம் வெறுந்தரை எல்லாம் சேர்த்து ஒரு பேலட் இடத்துக்குச் சுமார் 13 சதுர அடி. மொத்தம் 4,500 சதுர அடி. சதுர அடிக்கு 1,300 ரூபாய் என்றால் கட்டடம் 58.5 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 69 லட்சம். ரேக், ஒரு வண்டி, விளக்கு, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் 21 லட்சம். நிலம் ஏற்கெனவே இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை. மொத்தம் 90 லட்சம்.

கட்டடத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைச் செலவிலேயே சேர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொந்த உபயோகத்துக்குக் கட்டும் கட்டடத்தின் வரியை, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளச் சட்டத்தின் 17(5) பிரிவு விடுவதில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதற்கு ஒரு வழியைத் திறந்தது. 2025 நிதிச் சட்டம் பின்தேதியிட்டு அதை அடைத்துவிட்டது. வாடகைக் குடோனின் பில்லில் வரும் 18 சதவீதத்தை மட்டும், வரிக்குட்பட்ட சரக்கை விற்கும் பம்ப் கம்பெனி முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இந்த 10 லட்சத்துச் சொச்சத்தை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

90 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் வருஷம் 9 லட்சம். கட்டடத்தை 25 வருஷத்திலும் மற்றவற்றை 10 வருஷத்திலும் தேய்த்தால் 4.86 லட்சம். இன்சூரன்ஸ், சொத்து வரி, மின்சாரம், பராமரிப்பு 2.4 லட்சம். கூட்டினால் 16.26 லட்சம். இதை 350 இடத்துக்கும் 12 மாதத்துக்கும் வகுத்தால் ஓர் இடத்துக்கு மாதம் 387 ரூபாய். வெளியே பேலட்டுக்கு மாதம் 400 கேட்கிறார்கள். சொந்தமாகவும் ஆயிற்று, விலையும் குறைவு என்று கட்டத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அந்த 387 காலி இடத்தின் விலை. ஷெட் எட்டு மாதம் சும்மா இருக்கும். வட்டி சும்மா இருக்காது. உண்மையில் சரக்கு உட்கார்ந்த 860 பேலட்-மாதத்துக்கு வகுத்தால் ஒன்றுக்கு 1,890 ரூபாய் வருகிறது.

வாடகைக் குடோனின் 400-ம் முழு உண்மை அல்ல. குறைந்தபட்ச அளவுக்கு ஒப்பந்தம் போடாமல் யாரும் சீசனில் இடம் தரமாட்டார்கள். ஐந்து மாதத்துக்கு 250 பேலட் என்று எழுதினால், சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் 5 லட்சம். மார்ச்சில் கூடுதலாகும் 40 பேலட்டுக்குத் தனியாக 16 ஆயிரம். ஒரு பேலட் சராசரி இரண்டு மாதம் தங்கினால் 430 பேலட்டுகள் அங்கே போய்வரும். அங்கே இறக்கவும் ஏற்றவும் பேலட்டுக்கு 160 ரூபாய் வீதம் 69 ஆயிரம். எட்டு கிலோமீட்டருக்கு லாரி நடை 3,000 ரூபாய், நடைக்கு 12 பேலட். போக 36 நடை, பாதிச் சரக்கு திரும்பி வர 18 நடை, ஆக 1.62 லட்சம். அங்கே நம் ஆள் ஒருவர் ஐந்து மாதம் இருக்க ஒரு லட்சம். நம் பக்கத்துக் கூடுதல் ஏற்றுகூலியும் சேர்ந்தால் மொத்தம் 8.8 லட்சத்தை ஒட்டி வரும். பேலட்-மாதத்துக்கு 1,020 ரூபாய். கேட்ட விலையைப்போல இரண்டரை மடங்கு. இருந்தாலும் சொந்த ஷெட்டில் ஏறக்குறைய பாதிதான்.

இந்தக் கம்பெனிக்கு ஷெட் எப்போது லாபமாகும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. மீறி வழியும் சரக்கு வருஷத்துக்கு 2,000 பேலட்-மாதத்தை நெருங்கினால் இரண்டு செலவும் சமமாகும். அதாவது 290 பேலட் ஏழு மாதம் வழிய வேண்டும், அல்லது 200 பேலட் பத்து மாதம்.

பணக்கணக்கு இப்படி வாடகைப் பக்கம் சாய்ந்தாலும், வாடகைக்கு எடுத்தவர்கள் பலர் ஒரே சீசனில் கசந்துபோய், “ஷெட்டே போட்டிருக்கலாம்” என்று சொல்வார்கள். அதற்குக் காரணம் தாமதம். நம் ரேக்கிலிருந்து ஒரு பேலட்டை இறக்கச் சில நிமிடம் போதும். வெளிக் குடோனில் இருப்பதை வரவழைக்க இன்டென்ட் அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் வரிசைப்படி எடுத்துவைப்பார்கள். லாரி பிடிக்க வேண்டும். ஏற்றி, வந்து, இறக்கி, எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் கேட்டது மாலையில் வந்தால் நல்ல நாள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பிப்ரவரியில் 750 பேலட்டில் 510 உள்ளே, 240 வெளியே. எந்த மாடல் எங்கே என்று பார்க்காமல், அன்றன்று உற்பத்தியில் மிஞ்சியதை வெளியே அனுப்பியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு மாடல் உள்ளே இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம். டீலர் ஒருவர் ஆறு மாடல் கேட்கிறார். ஆறும் உள்ளேயே இருக்க வேண்டுமென்றால் 68 சதவீதத்தை ஆறு முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 10 சதவீதம். பத்து ஆர்டரில் ஒன்பது, ஏதாவது ஒரு பேலட்டுக்காகக் காத்து நிற்கும். ஐந்து மாடல் தயாராக இருந்து ஆறாவதுக்காக லாரி வாசலில் நிற்கும். ஹால்டிங் வாடகை ஏறும். தயாரான ஐந்து பேலட்டும் இறங்குதளத்தை அடைத்துக்கொண்டு அடுத்த ஆர்டரையும் நிறுத்தும். மூன்றில் ஒரு பங்கு சரக்கை வெளியே வைத்ததற்கு இதுவா விலை என்று மலைப்பாக இருக்கும். இதைத் தவிர்க்கக் காசு வேண்டாம், ஒழுங்கு வேண்டும்.

எந்த மாடலும் முழுதாக வெளியே போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நாள் விற்பனைக்கான சரக்கு வீட்டிலேயே இருக்க வேண்டும். அதே மாடலின் மிச்சம்தான் வெளியே. நாளைய ஆர்டர் பட்டியலை இன்று மாலை நான்கு மணிக்குப் பார்த்து, குறைவதை இன்று இரவே ஒரு நடையில் வரவழைத்துவிட்டால் ஆர்டர் காத்திருக்காது. காத்திருப்பது நம் ரேக்காக இருக்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே மாடலை முழு லாரியாக வாங்கும் பெரிய டீலருக்கு வெளிக் குடோனிலிருந்தே நேராக அனுப்பலாம். அப்படிச் சரக்கில் பாதி போகும் என்று வைத்துத்தான் மேலே திரும்பும் நடையை 18 என்று போட்டேன். எல்லாம் திரும்பி வந்துதான் போக வேண்டுமென்றால் நடைச் செலவு இன்னும் அரை லட்சம் ஏறும்.

காகித வேலையும் தாமதத்தில் சேரும். வெளிக் குடோனை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்திருக்க வேண்டும். விற்பனை இல்லாமல் நம் சரக்கை நாமே நகர்த்தினாலும் டெலிவரி சலான் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். பம்ப் 6,000 ரூபாய் என்றால் ஒரே பேலட்டே 1.8 லட்சம். ஆக ஒவ்வொரு நடைக்கும் உண்டு. பதிவைச் சீசன் தொடங்கும் முன்பே முடிக்காதவர்கள் முதல் லாரியிலேயே மாட்டுவார்கள்.

ஷெட் போடுவதாக முடிவெடுத்தாலும் அது இந்தக் கோடைக்கு உதவாது. தொழிற்சாலை வளாகத்துக்குள் கட்டடம் விரிவாக்க, உள்ளூர் அமைப்பின் அனுமதியோடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வரைபட ஒப்புதலும் வேண்டும். அப்புறம் தரை. நான்கு அடுக்கில் அடித்தட்டு தரையில் உட்கார்ந்தாலும், மேல் மூன்று அடுக்கின் சுமை ரேக் கால்கள் வழியாகவே இறங்கும். நடுவில் நிற்கும் ஒவ்வொரு காலும் உள்ளங்கை அகலத் தகட்டின்மேல் சுமார் 1.8 டன்னைத் தாங்கும். சாதாரண ஷெட்டுக்குப் போடும் தரை அதில் வெடிக்கும்; ரேக் சாயும்; வண்டி முட்கரண்டி போய் இடிக்கும். தரையில் மிச்சம் பிடித்தவர்கள் இரண்டாவது வருஷம் ரேக்கைக் கழற்றித் தரையை உடைத்துப் போட வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் முன்னால் ஒருநாள் முழுதாகக் குடோனைச் சுற்றி வாருங்கள். நின்றுபோன மாடல், திரும்பி வந்த பம்ப், காலி அட்டைப்பெட்டி ஆகியவை 40 இடத்தை அடைத்திருந்தால், அவற்றைக் காலி செய்தாலே ஜனவரியில் வெளியே போவது 140-லிருந்து 100 ஆகும். நான்கு மாதத்துக்கும் சேர்த்து 160 பேலட்-மாதம் மிச்சம்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மொத்தப் பேலட்டை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லோரும் அதில் மார்ச் மாதத்தைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது செப்டம்பர், அக்டோபர் பக்கங்களை. சரக்கு மிகக் குறைவாக இருக்க வேண்டிய அந்த வாரங்களிலும் எண்ணிக்கை 510-க்குக் கீழே இறங்காமல், வெளிக் குடோனின் ஒப்பந்தத்தை ஜூனுக்குப் பிறகும் நீட்டிக்க வேண்டி வந்தால், பொறியாளரைக் கூப்பிட்டுத் தரையின் மண்ணைச் சோதிக்கச் சொல்லலாம்.