கம்பி மத்தாப்பும் 35,937 வரிகளும்

சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் கொண்டுபோனவர்களுக்கு ஓர் ஏமாற்றம் பழக்கமாகியிருக்கும். திரையில் ஜொலித்த மயில்கழுத்து நீலம் தாளில் மங்கிப்போய் வந்து நிற்கும். கோபமாகக் கேட்டால் டிடிபி ஆபரேட்டர் அலட்டிக்கொள்ள மாட்டார். “ஸ்கிரீன்ல இருக்கறது வெளிச்சம் சார், பேப்பர்ல இருக்கறது மை. அந்த நீலம் நாலு மையில வராது. வர்றதுல எது கிட்டத்துல இருக்கோ அதைத்தான் மாத்திக் குடுக்கும்” என்பார். மாற்றிக்கொடுப்பது ஒரு பட்டியல். இந்த எண் வந்தால் அந்த எண்ணைப் போடு என்று வரிசையாக எழுதிவைத்தது.

வீடியோவிலும் அதே பட்டியல் உண்டு. படத்தொகுப்புக் கூடங்களில் அதை ‘லட்’ என்கிறார்கள். அதன் குணம் எனக்குப் பிடிபட்டது ஒரு தீபாவளிச் சொதப்பலில்தான்.

சிவகாசியில் உறவினர் வீட்டு மொட்டை மாடி. ஆச்சி கையில் கம்பி மத்தாப்பு, பின்னால் வானத்தில் சிவப்பும் பச்சையுமாக வெடிகள். கேமராவை ‘எஸ்-லாக்3’ முறையில் வைத்து எடுத்தேன். ஊர் திரும்பிக் கணினியில் போட்டால் சாம்பல் பூசியதுபோல் ஒரு படம். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. இணையத்தில் கிடைத்த லட் ஒன்றை மேலே போட்டேன். நிறம் வந்தது. ஆனால் ஆச்சியின் முகம் இருட்டில் போய்விட்டது, மத்தாப்புப் பொறியெல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைத் திட்டு.

படம் ஏன் சாம்பலாக இருந்தது? கேமராவின் சென்சார் வெளிச்சத்தை நேர்க்கணக்கில் எண்ணுகிறது: வெளிச்சம் இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்கு. அப்படியே பதிந்தால், இருக்கிற எண்களில் பாதியை மிகப் பிரகாசமான ஒரே ஒரு ‘ஸ்டாப்’ விழுங்கிவிடும். முகம், நிழல், சேலை மடிப்பு எல்லாம் மிச்சத்தில் நெருக்கியடிக்க வேண்டும். லாக் முறை இதை மாற்றுகிறது. வெளிச்சம் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு எண்களை ஒதுக்குகிறது. ஃபிலிமை ஸ்கேன் செய்து கணினியில் கையாள கோடாக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சினியான் முறையின் வழிவந்த யோசனை இது.

10-பிட் எஸ்-லாக்3-ல் மொத்தம் 1,024 படிகள். முழு இருள் 95-இல் நிற்கும். 18 சதவீதம் ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டை 420. வெள்ளைத்தாள் 598. அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் சுமார் 78 படிகள். சாம்பலுக்கு ஆறு ஸ்டாப் மேலே, 887-ஐ ஒட்டிய இடம்வரை மத்தாப்புக்கும் வெடிக்கும் இடம் விட்டிருக்கிறது. ஆனால் சாதாரணத் திரைக்கு இது தெரியாது. வெள்ளை என்றால் உச்சியில், 940 அருகே இருக்கும் என்று அது நம்பியிருக்கிறது. 598-ஐப் பார்த்ததும் சாம்பல் என்று காட்டிவிடுகிறது. படம் மங்கலாக எடுக்கப்படவில்லை. வேறு அளவுகோலில் எழுதிய எண்களைத் திரை தன் அளவுகோலில் படிக்கிறது, அவ்வளவே.

அளவுகோலை மாற்றுவதுதான் லட்டின் வேலை. `.cube` என்று முடியும் அந்தக் கோப்பை நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். பெரும்பாலும் மேலே இப்படி ஒரு வரி இருக்கும்:

```
LUT_3D_SIZE 33
```

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 33 புள்ளிகளாகப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். 33-ஐ மூன்று முறை பெருக்கினால் 35,937. அத்தனை வரிகள், வரிக்கு மூன்று எண்கள். எல்லா நிறத்துக்கும் வரி எழுதப்போனால் 107 கோடியைத் தாண்டும். அதனால் புள்ளிகளுக்கு இடையில் விழும் நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் கணித்துக்கொள்கிறது.

இந்தப் பட்டியலுக்குக் கண் கிடையாது. வருகிற எண் ஆச்சியின் கன்னமா, மாடிச் சுவரா என்று அதற்குத் தெரியாது. எடுத்தவன் செய்த பிழையை அப்படியே வாங்கி அப்படியே மாற்றிக்கொடுக்கும்.

என் பிழை என்ன? பொறி வெளுத்துவிடுமோ என்று பயந்து கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்திருந்தேன். ‘வேவ்ஃபார்ம்’ வரைபடத்தில் ஆச்சியின் கன்னம் 280-ஐ ஒட்டிக் கிடந்தது. நம் ஊர் மாநிறத்துக்குச் சாம்பல் அட்டைக்கு ஒரு ஸ்டாப் கீழே, அதாவது 347 அருகே இருந்தால் இயல்பாகத் தெரியும். (முகத்தை இவ்வளவு ஏற்று என்று இணையத்தில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி வெள்ளைத்தோலுக்கான கணக்கு. அதை நம்பினால் ஆச்சி பவுடர் பூசியவளாகிவிடுவாள்.) ஆக, முகம் சரியாக ஒரு ஸ்டாப் குறைவு.

நான் முதலில் செய்தது லட்டுக்குப் பிறகு வெளிச்சத்தைக் கூட்டியது. அதில் முகம் வெளுத்ததே தவிரத் தெளியவில்லை. பட்டியல் நிழல்களை ஏற்கெனவே அடிவாரத்தில் நெருக்கிவிட்டது. பொறிகளை உச்சியில் வெட்டிவிட்டது. வெட்டியதைப் பிறகு எதைத் திருகினாலும் மீட்க முடியாது. திருத்தத்தை லட்டுக்கு முன்னால் நகர்த்தி ஒரு ஸ்டாப் ஏற்றினேன். முகம் வந்தது. பிறகு பொறிகளை மட்டும் தனியே இறக்கினேன், அதையும் லட்டுக்கு முன்னாலேயே. கூடவே, வெள்ளையைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல வளைத்து அடக்கும் வேறொரு லட்டுக்கு மாறினேன். மத்தாப்பிலிருந்து சிதறும் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. சென்சாரே நிரம்பிப்போன பொறியின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாகவே நின்றது. அங்கே மீட்க ஒன்றும் இல்லை. முகத்தின் நிழலில் கொஞ்சம் ‘கிரெயின்’ எழும்பியது. குறைத்து எடுத்ததற்கான அபராதம் அது.

வானத்து வெடிகள் வேறு வகைச் சிக்கல். சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு. பச்சையைத் தந்தது பேரியம். பட்டாசில் அதைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. இந்த உப்புகள் எரியும்போது வருவது நிறமாலையின் குறுகிய பட்டையில் அடங்கிய, அசாத்தியமாகத் தூய நிறம். கேமராவின் அகன்ற நிறவெளி அதைப் பிடித்துவைக்கும். திரையின் நிறவெளிக்கு மாற்றும்போது, அந்தச் சிவப்பைக் காட்டப் பச்சையும் நீலமும் பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டும் என்று கணக்கு வரும். எதிர்ம எண் வெளிச்சத்தைத் திரை எங்கே போய்க் காட்டும்? லட் அதைப் பூச்சியத்தில் வெட்டிவிடுகிறது. அடுக்கடுக்காக விரிந்த பூ, சுவரொட்டி மை கொட்டியதுபோல் தட்டையாகிவிடும். மூன்று நிறத்தையும் பக்கம் பக்கமாகக் காட்டும் வரைபடத்தில் பார்த்தால், அந்த இடத்தில் பச்சையும் நீலமும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதுவே அடையாளம்.

மருந்து இதற்கும் முன்னால்தான்: அந்தச் சிவப்பின் செறிவை மட்டும் லட்டுக்கு முன்பே சற்றுத் தணித்தால் இதழ்கள் திரும்புகின்றன. ஹாலிவுட்டின் ஏசஸ் நிறமுறையிலும் இந்தத் தொல்லைக்கென்றே 2021-இல் வெளிவந்த 1.3 பதிப்பில் நிறவெளியைச் சுருக்கும் கருவியைச் சேர்த்தார்கள். டிடிபி ஆபரேட்டர் மயில்கழுத்து நீலத்துக்குச் சொன்ன பதில்தான் இது: வராத நிறத்தைக் கேட்டுச் சண்டை போடுவதைவிட, வரும் நிறத்துக்குள் விவரத்தைக் காப்பாற்று.

அடுத்த தீபாவளிக்கு லாக்கில் எடுக்கப்போகிறவர்கள், முதல் திரியைக் கொளுத்துவதற்கு முன் இரண்டு துண்டு பதிவு செய்துகொள்ளுங்கள்: லென்ஸை மூடியபடி ஒன்று, விளக்கொளியில் வெள்ளைத்தாளைப் பிடித்து ஒன்று. லட் போட்டபின் மூடிய லென்ஸ் வரைபடத்தின் அடியைத் தொட வேண்டும், தாள் மேலே ஏற வேண்டும். கறுப்பு தரையைத் தொடாமல் மிதந்தால், அந்த லட் உங்கள் கேமராவின் லாக்குக்கு எழுதப்பட்டதுதானா என்று முதலில் பாருங்கள்.