பயிற்சிப் பெண்ணுக்கு எத்தனை மாதக் கட்டு?

அழகு நிலையம் நடத்தும் அம்மாளுக்கு ஒரு மனக்குறை. "தொழில் கற்றுக் கொடுத்தேன். கைதேறியதும் எதிர்த் தெருக் கடைக்குப் போய்விட்டாள்!" பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு வேறொரு குறை. "ஆறு மாதமாகத் தரை கூட்டித் துண்டு துவைத்ததுதான் மிச்சம். சம்பளமும் இல்லை, சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்!"

இருவர் குறையையும் ஒரே ஒப்பந்தத்தில் தீர்க்க முடியுமா? முடியும். கும்பகோணத்தில் ஒரு சிறு நிலையம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று படிகள்

பயிற்சி எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் சுத்தமும் நூலால் புருவம் திருத்துவதும். பெண் முதலில் தன் காலிலேயே நூலை ஓட்டிப் பழகுவாள். பத்துப் பேருக்குத் தோல் கீறாமல், இரு புருவமும் ஒத்திருக்கத் திருத்தினால் தேர்ச்சி. அடுத்த மூன்று மாதம் வாக்ஸிங்கும் பேஷியலும். மெழுகின் சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்த பிறகே பிறர் மேல் தடவுகிறாளா என்பதுதான் இங்கே பரீட்சை. கடைசி மூன்று மாதம் முடிவெட்டும் சாயமும். சாயத்தை 48 மணி நேரம் முன்பே காதோரம் சிறிது தடவிப் பார்க்கத் தவறினால் தேர்ச்சி இல்லை.

உதவித்தொகை முதற்படியில் மாதம் 6,000 ரூபாய், பிறகு 7,000, முடிவில் 8,000. தேர்ச்சி பெற்ற நாளிலிருந்தே உயர்வு. தேதியும் கையொப்பமும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். நகல் பெண்ணிடம் இருக்க வேண்டும்.

கட்டு எவ்வளவு?

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் மூத்த ஊழியர், தம் எட்டு மணி வேலையில் தினம் ஒரு மணியைக் கற்பிக்கச் செலவிடுகிறார். எட்டு மாதத்தில் அதன் மதிப்பு 15,000 ரூபாய். பழகச் செலவான மெழுகு, கிரீம் வகை 3,000. ஆக 18,000. உதவித்தொகையை இதில் சேர்க்கலாகாது; அது அவள் செய்த வேலைக்கான கூலி.

பயிற்சிக்குப் பின், முழுச் சம்பளத்தில், ஒன்பது மாதம் வேலை செய்யட்டும். மாதத்துக்கு 2,000 கழியும். நான்காம் மாத முடிவில் விலகினால் பாக்கி ஐந்து மாதத்துக்கு 10,000 ரூபாய் தந்தால் போதும். நிலையம் உதவித்தொகையை நிறுத்தினாலோ, கற்பிக்காமல் விட்டாலோ, கட்டு அன்றே அறும்.

"ஒரு லட்சம் என்று எழுதி வாங்கினால் பயப்படுவாளே?" என்று சிலர் நினைக்கலாம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்புதான். நியாயமான நஷ்டஈடே கிடைக்கும். விலகிய பின் அதே ஊரில் கடை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோ 27-வது பிரிவின்படி செல்லாது.

ஆகவே அசல் சர்டிபிகேட்டைப் பெட்டியில் பூட்டுவதை விட, 18,000 ரூபாய்க்கு ஒழுங்கான கணக்கு வைத்திருப்பதே முதலாளியம்மாளுக்குப் பந்தோபஸ்து!